கம்பெனி பக்கம் ஒரு வரி

"வெள்ளத்த வுடு ஜெமி, வெள்ளம் நம்பள காப்பாத்தாது..."

"நான் முடிச்சிக்கிடுதேன், அதுக்குப் பெறவு நீ..."

"நீ முடிச்சா இன்னா முடிக்காட்டி இன்னா, மொத கேள்வியிலயே..."

"கடவுள் செயல்னு பன்னெண்டு தீர்ப்பு எடுத்து வச்சிருக்கேன், பன்னெண்டு..."

"பன்னண்டும் தோத்த தீர்ப்பு," என்றாள் கார்குழலி.

இதற்கு ஜெமிமா என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கார்குழலிக்குத் தும்மல் வந்துவிட்டது. ஒன்றல்ல, வரிசையாக ஐந்து. ராயபுரத்தில் ஜெமிமாவின் அப்பா நடத்தும் மொத்தப் பலசரக்குக் கடையின் மாடி அது. கீழே குண்டூர் மிளகாய் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். சண்டை போடவும் ஒரு இடம் வேண்டுமே என்று ஒரு வாரமாக அங்கேதான் கூடுகிறார்கள்.

"மாண்பமை நீதியரசர் முன்னாடி இப்படித் தும்முனா மார்க்கு குறைப்பாங்களா?" என்று கேட்டான் அஃப்ரித். தரையில் தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். மூன்று பேர் கொண்ட அந்த அணியில் அவன் ஆய்வாளர். பேச மாட்டான். பேசுகிறவர்கள் மாட்டிக்கொண்டால் துண்டுச்சீட்டு நீட்டுவான்.

மூவரும் சட்டக் கல்லூரியில் கடைசி வருடம். மதுரையில் தமிழிலேயே வாதாடும் மாதிரி நீதிமன்றப் போட்டி ஒன்று இருந்தது. கல்லூரியிலிருந்து ஓர் அணிதான் போகலாம். அந்த இடத்துக்கோ இரண்டு அணிகள் போட்டி. சனிக்கிழமை டோல்கேட்டில் வக்கீல் உச்சிமாகாளியின் ஆபீசில் இரண்டு அணியும் ஒன்றன்பின் ஒன்றாக வாதாட வேண்டும். அவர் நீதிபதியாக உட்கார்ந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். கார்குழலி இரண்டு வருடமாக ஆய்வாளராகவே இருந்து பிறருக்குச் சீட்டு நீட்டியவள். எழுந்து நின்று பேச இதுதான் முதல் வாய்ப்பு. விட்டால் இதுவே கடைசி.

போட்டிக்கான வழக்கு பதினெட்டுப் பாராக்களில் அச்சடித்து வந்திருந்தது. இல்லாத ஒரு நாடு, இல்லாத ஒரு ஊர், சட்டம் மட்டும் நம் நாட்டுச் சட்டம். கருங்கழி என்ற முகத்துவாரத்தில் பெருமழை நாளில் எண்ணெய் கலக்கிறது. மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகிறார்கள். தீர்ப்பாயம் கம்பெனி நஷ்டஈடு கட்ட வேண்டும் என்கிறது. கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்கு வருகிறது. எந்தப் பக்கம் பேசுவது என்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்து, காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் கெங்கம்மாவின் மகளான கார்குழலிக்கு வந்தது கம்பெனி பக்கம்.

"சரி, இவ சொல்லுதத வச்சே பாப்போம்," என்றாள் ஜெமிமா. "அஃப்ரித், நீ ஜட்ஜா இரி. கேளு."

அஃப்ரித் முதுகை நிமிர்த்திக்கொண்டான். "வழக்கறிஞர் அவர்களே, வெள்ளம் கடவுள் செயல், கம்பெனி பொறுப்பல்ல என்கிறீர்கள். ஓலியம் வாயு வழக்கில் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது?"

"ஆபத்தான தொழில் நடத்துறவங்களுக்கு முழுப் பொறுப்பு..."

"அதில் கடவுளுக்கு விதிவிலக்கு உண்டா?"

ஜெமிமா தாளைப் புரட்டினாள். "இல்ல."

"பசுமைத் தீர்ப்பாயச் சட்டம்? அதுல தப்பு யார் மேலன்னே பாக்க வேணாம்னு கீது," என்றான் அஃப்ரித், நீதிபதித் தமிழை மறந்து.

"சரிதான், போ. அப்போ இவ மட்டும் என்ன சொல்லப் போறா? கேளு இவகிட்ட."

கார்குழலி எழுந்தாள். அவள் பேச வேண்டியது இரண்டாம் பகுதி, நஷ்டஈட்டின் அளவு. நன்றாகத்தான் ஆரம்பித்தாள். "மாண்பமை நீதியரசரே, கசிந்த எண்ணெய் முழுவதும் எங்களுடையது அல்ல. மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்துகொண்டால் கடல் நீர் உள்ளே ஏறும். அப்போது வடக்கே இருக்கும் அழுக்கெல்லாம்..."

"எந்தப் பாரா?" என்றான் அஃப்ரித்.

"இன்னாது?"

"கடல் தண்ணி ஏறும்னு எந்தப் பாராவுல கீது?"

"ஏறும்டா. நான் பாத்துகினு வளந்தவ."

"நீ பாத்தது எண்ணூர். இது கருங்கழி. பதினெட்டுப் பாராவுக்கு வெளிய ஒரு சொட்டுத் தண்ணி கூட ஏறாது."

அன்று மட்டும் அவன் 'எந்தப் பாரா' என்று பதினாலு முறை கேட்டான். கார்குழலிக்குத் தெரிந்ததுதான் அவளுக்கு எதிரி. எண்ணெய் பட்ட வலை எப்படி நாறும், நண்டு எத்தனை நாளில் திரும்பும் எல்லாம் தெரியும். ஒன்றையும் சொல்லக் கூடாது.

"அதோட இன்னொண்ணு," என்றாள் ஜெமிமா. அவளிடம் உள்ள நல்ல குணம், தன் தோல்வியை ஒத்துக்கொள்ளுமுன் அடுத்தவள் தோல்வியைச் சரியாகக் காட்டிவிடுவாள். "நான் வந்து, நாங்க பொறுப்பே இல்லம்பேன். நீ வந்து, பொறுப்புதான், ஆனா கொஞ்சம்பே. எழுத்துல ரெண்டையும் வைக்கலாம். வாயில வச்சா? ஜட்ஜு கேப்பாரு, உங்க ரெண்டு பேர்ல யார நம்பணும்னு."

அது உண்மை. வழக்கு என்றால் அதற்கு ஒரு வரி இருக்க வேண்டும். இரண்டு பேரும் எந்தக் கேள்விக்கும் அந்த வரிக்கே திரும்பி வர வேண்டும். அந்த ஒரு வரி மூவரிடமும் இல்லை. இருந்தது பன்னிரண்டு தீர்ப்பும் மிளகாய் நெடியும்.

கார்குழலி வீட்டுக்குப் போனால் கெங்கம்மா வாசலில் நின்று போனில் யாரையோ பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஏலம் விடுகிற ஆள் என்று புரிந்தது.

"இன்னா நைனா, என்னியா ஏமாத்தறே? எறா வேணாம்னு சொன்னனா? எடுத்துக்கறேன்னு தானே சொன்னேன். ஆனா கூடைய கவுத்துக் காட்டணுமா இல்லியா? மேல பெருசு, அடியில பொடியும் ஐஸும். நான் டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள வெலைய முடிச்சிட்டா? என்னிய வெச்சிகினு கவுத்தியா நீ? ...எறா உன்துதான், நான் இல்லன்னு சொல்லல. எவ்ளோன்னு நீயே பேசி நீயே முடிச்சா எப்டி? ...வெய் போன."

காசிமேட்டில் அது எழுதாத சட்டம். வாங்குகிறவள் எதிரில் கூடையைக் கவிழ்க்காமல் விலை முடிக்கக் கூடாது.

கார்குழலி செருப்பைக் கழற்றாமல் நின்றாள். "மா, இன்னொரு தபா சொல்லு."

"இன்னாத்த?"

"இப்ப போன்ல சொன்னது."

"வெய் போனன்னு சொன்னேன். கை கழுவினு வா, சோறு கீது." பிறகு சந்தேகம் வந்தது. "யாரு பக்கம் பேசப் போறன்னு கேட்டனே, சொல்லவே இல்ல நீ."

"அது... பெரிய கேஸும்மா. எண்ணெ கேஸு."

"எண்ணெயா?" கெங்கம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்லா கேளு அவனுங்கள. நாக்க புடுங்கிக்கற மாதிரி கேளு."

கார்குழலி சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

மறுநாள் மிளகாய் மாடியில் அவள் அந்த வரியைச் சொன்னாள்: "கசிந்தது எங்கள் எண்ணெய்தான், எவ்வளவு என்பதை எங்களைக் கேட்காமலே முடிவு செய்தார்கள்."

ஜெமிமா இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். "பொறுப்ப ஒத்துக்கிடணுமா?"

"ஒத்துக்கினாதான் மீதிய நம்புவாங்க. பன்னண்டாம் பாராவப் பாரு. நிபுணர் குழு அறிக்கை திங்கக்கெழம தீர்ப்பாயத்துக்கு வருது. பதிமூணு, புதன்கெழம தீர்ப்பு. நடுவுல கம்பெனிக்கு ஒரு காப்பி கூட குடுக்கல. எதிராளிய கேக்காம முடிக்கக் கூடாதுங்கறது இயற்கை நீதி. அந்தத் தீர்ப்பாயச் சட்டத்துலயே அத எழுதி வெச்சிகீறாங்க."

"அப்போ என் பன்னெண்டு தீர்ப்பு?"

"உங்கப்பாகிட்ட குடு. சீரகம் மடிக்கலாம்."

ஜெமிமா தீர்ப்புகளை வாரிக்கொண்டு கீழே கடைக்கு இறங்கிப் போனாள். பிறகு தானே வந்து, தன் பகுதியில் வெள்ளத்தை எடுத்துவிட்டு, கேட்காமல் கொடுத்த தீர்ப்பு ஏன் நிற்காது என்பதை வைத்தாள். அஃப்ரித் முப்பது கேள்விகளை அட்டையில் எழுதினான். பதில் சொல்ல ஒரு முறை வைத்துக்கொண்டார்கள்: முதல் சொல் 'ஆம்' அல்லது 'இல்லை', அடுத்து காரணம், அடுத்து பாரா எண், அப்புறம் அந்த ஒரு வரி. ஆம், இல்லை சொல்லாமல் சுற்றி வளைத்தால் அஃப்ரித் அட்டையால் மேசையைத் தட்டுவான். சனிக்கிழமைக்குள் அட்டை முனை மழுங்கிவிட்டது.

சனிக்கிழமை நாலு மணி. உச்சிமாகாளியின் ஆபீஸ் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேலே. விபத்து வழக்கும் செக் வழக்கும் நடத்தி நடத்தி, யார் பொய் சொன்னாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார். முதல் அணி மீனவர் பக்கம் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தது. நன்றாகப் பேசினார்களாம். போகும்போது சிரித்துக்கொண்டே போனார்கள்.

ஜெமிமா எழுந்து வணக்கம் சொல்லி ஆரம்பித்தாள். மூன்றாவது நிமிடமே கண்ணாடி நெற்றிக்கு ஏறியது.

"அம்மா, ஆறாவது பாராவுல பெருமழைன்னு இருக்கே. கடவுள் செயல்னு ஏன் வாதாடல? உங்க கட்சிக்காரருக்கு அது சாதகம்தானே?"

அது தூண்டில். ஜெமிமாவின் கை மேசையில் ஊர்ந்து கைப்பைக்குப் போனதைக் கார்குழலி பார்த்தாள். பன்னிரண்டு தீர்ப்பையும் எடுத்து வந்திருக்கிறாள். அஃப்ரித் அவசரமாக ஒரு சீட்டை நகர்த்தினான். அதில் 'சீரகம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இல்லை, மாண்பமை நீதியரசரே," என்றாள் ஜெமிமா, கையை இழுத்துக்கொண்டு. "முழுப் பொறுப்புக்கு அந்த விலக்கு கிடையாது. பொறுப்பை ஒத்துக்கொள்கிறோம். கசிந்தது எங்கள் எண்ணெய்தான். எவ்வளவு என்பதை எங்களைக் கேட்காமலே முடிவு செய்தார்கள்."

உச்சிமாகாளி எதையோ எழுதினார். அந்த நேரம் பார்த்து, கதவைத் தள்ளிக்கொண்டு கெங்கம்மா உள்ளே வந்தாள். டோல்கேட்டில் வியாபாரம் முடித்து, காலிக் கூடையோடு, மகள் பேசுவதைப் பார்க்க. பின்னால் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து கூடையைக் காலடியில் வைத்தாள். அறை முழுக்க மீன் வாடை. கார்குழலியின் முறை.

"நஷ்டஈட்டின் அளவைப் பற்றி நான் சமர்ப்பிக்கிறேன்," என்று எழுந்தாள். "கம்பெனியின் சார்பில்..."

பெஞ்சு கிறீச்சிட்டது.

"கேட்டிருந்தா மட்டும் என்னம்மா மாறியிருக்கும்?" என்றார் உச்சிமாகாளி. "எண்ணெய் உங்களதுன்னு நீங்களே சொல்லுதீங்க. அறிக்கைய குடுத்தாலும் இதே தீர்ப்புதானே வரும்?"

இது பதினேழாம் அட்டை. "இல்லை, மாண்பமை நீதியரசரே. ஒன்பதாம் பாரா. கழிக்கரையில் இதே வகை எண்ணெயைச் சேமித்த வேறு இரண்டு கிடங்குகள் இருந்தன. அறிக்கை அவற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் கையில் அறிக்கை கிடைத்திருந்தால் அதைச் சொல்லியிருப்போம். சொல்ல விடாததே எங்களுக்கு நேர்ந்த பாதிப்பு."

"சரி. அந்தக் கிடங்கு எண்ணெய் இங்க எப்படி வந்தது? கழியில தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?"

கார்குழலியின் நாக்கு நுனிக்கு எல்லாம் வந்தது. ஏற்றம், வற்றம், அமாவாசைத் தண்ணீர், வாடைக்காற்று. விழுங்கினாள். விழுங்கிய அந்த இடைவெளியில் பின்பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

"ஏத்தம் வந்தா உள்ள ஏறும் சார். வத்தம் வந்தா வெளிய போவும். இத்த போய் கேட்டுகினு."

உச்சிமாகாளி கண்ணாடியை ஏற்றினார். "யாரும்மா அது?"

அஃப்ரித்திடம் இதற்கு அட்டை இல்லை. கார்குழலி திரும்பிப் பார்க்காமல் நின்றாள்.

"மாண்பமை நீதியரசரே," என்றாள், "அது என் அம்மா. ஆனால் பதினெட்டுப் பாராவில் அவர் எங்கும் இல்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைப் பற்றி ஆவணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாததை நானும் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறோம்."

"நான் எங்கயும் இல்லியா?" என்றாள் கெங்கம்மா.

"அத்தை, கொஞ்சம் பேசாம இருங்க," என்று கிசுகிசுத்தாள் ஜெமிமா.

உச்சிமாகாளி இருமுவது போல வாயைக் கையால் மறைத்தார். கையை எடுத்தபோது முகம் கறாராக இருந்தது. "கடைசிக் கேள்வி. நீங்க கேக்குறது என்ன? வழக்கு மறுபடி தீர்ப்பாயத்துக்குப் போகணும். போனா இன்னும் எத்தன வருஷமோ. அதுவரைக்கும் மீனவர்க என்ன செய்வாங்க? உங்க ஒரு வரிக்காக அவங்க பட்டினி கெடக்கணுமா?"

இந்தக் கேள்விக்கு மூவரும் அட்டை எழுதவில்லை. முப்பதும் கம்பெனியைப் பற்றியே இருந்தன. பின்பெஞ்சில் கெங்கம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கார்குழலி தாளைப் பார்த்தாள். ஒன்றிலிருந்து பதினெட்டு வரை விரலை ஓட்டினாள். பதினாறில் நிறுத்தினாள்.

"இல்லை, மாண்பமை நீதியரசரே. பதினாறாம் பாரா. இடைக்கால உத்தரவின்படி நாங்கள் ஐந்தில் ஒரு பங்கை ஏற்கெனவே தீர்ப்பாயத்தில் கட்டியிருக்கிறோம். அது அங்கேயே கிடக்கிறது. அதை நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. பொறுப்பை ஒத்துக்கொண்டவர்கள் கேட்கவும் முடியாது. அதை இன்றைக்கே மீனவர்களுக்குப் பிரித்துக் கொடுக்க உத்தரவிடுங்கள். மீதிக்கு மட்டும், ஆறு மாதக் கெடு வைத்து, எங்களைக் கேட்டு முடிக்கச் சொல்லுங்கள். இதுவே எங்கள் வேண்டுதல்."

ஜெமிமா வாயைப் பிளந்து அவளைப் பார்த்தாள். இந்த வேண்டுதல் எழுதிக் கொடுத்த மனுவில் இல்லை. அஃப்ரித் மும்முரமாக ஏதோ சீட்டு எழுதினான். நீட்டும்போது பார்த்தால், 'நல்லா கீது' என்றிருந்தது.

"கட்சிக்காரரைக் கேட்டுத்தான் இந்த விட்டுக்கொடுத்தலைச் செய்யுதீங்களா?" என்றார் உச்சிமாகாளி.

"ஆம்," என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்தினாள். எந்தப் பாராவிலும் அது இல்லை. "கேட்டுவிட்டு எழுத்தில் தர அனுமதி வேண்டுகிறேன், மாண்பமை நீதியரசரே."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

கால் மணி நேரத்தில் முடிவு சொன்னார். பெரிதாகப் புகழவில்லை. "அந்தப் பிள்ளைங்க நல்லா மனப்பாடம் பண்ணியிருந்தாங்க. எங்க மறிச்சாலும் ஆரம்பத்துக்குப் போய் மறுபடி ஓடி வந்தாங்க. நீங்க ரெண்டு பேரும் எங்க மறிச்சாலும் ஒரே எடத்துக்கு வந்தீங்க. மதுரைக்கு நீங்க போங்க." ஜெமிமாவைப் பார்த்து, "அந்தப் பையில என்னம்மா அவ்வளவு கனம்?" என்றார்.

"சீரகம் சார்," என்றாள் ஜெமிமா.

கீழே மெடிக்கல் ஷாப் வாசலில் கெங்கம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அஃப்ரித் வலப்பக்கமாக நழுவப் பார்த்தான்.

"நில்லுடா. எல்லாரும் நில்லுங்க. கம்பெனிக்கா பேசுனே?"

"சீட்டுல வந்ததும்மா."

"சீட்டுல வந்தா? வாயில வந்தத நீதானே பேசுனே. அதுவும் நான் ஏலக்காரனத் திட்னத, கேக்காம முடிச்சிட்டியேன்னு, அப்டியே தூக்கி கம்பெனிக்குக் குடுத்துட்ட. இன்னா தெகிரியம்மே உனுக்கு."

"துட்டு ஒடனே குடுன்னும் சொன்னேன் இல்ல?"

"அத்த சொன்னதாலதான் நின்னுகினு கீறேன். இல்லாட்டி அங்கியே கூடைய தலையில கவுத்திருப்பேன்." இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். "அஞ்சுல ஒண்ணு. எண்ணூர்ல எண்ணெ கலந்தப்ப எங்களுக்கு அது கூட யாரும் சொல்லல."

ஜெமிமா சமாதானமாக, "நல்லா பேசினா அத்தை, இல்லியா?" என்றாள்.

"பேசுனா. எதிரி மாரி பேசுனா."

அப்போதுதான் அஃப்ரித்தின் போன் மினுங்கியது. மதுரையிலிருந்து. தேர்வு முடிந்ததும் உச்சிமாகாளி பெயர்களை அனுப்பியிருக்கிறார். முதல் சுற்றுக்கான சீட்டை அங்கேயே குலுக்கிவிட்டார்கள். அவன் படித்துவிட்டு, சிரிக்கலாமா என்று மூவர் முகத்தையும் பார்த்தான்.

"இன்னாடா?"

"மொத சுத்துல நாம மீனவர் பக்கம்."

ஜெமிமா மெடிக்கல் ஷாப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு வாரம் கட்டியதை எல்லாம் இனித் தானே இடிக்க வேண்டும். புதன்கிழமைத் தீர்ப்பைச் சொல்லும் பதிமூன்றாம் பாரா அங்கேயே இருக்கும். எதிர் அணிக்கும் கண் இருக்கும். கார்குழலி அட்டைக் கட்டைக் கையில் வாங்கிப் புரட்டினாள். பதினேழாம் அட்டை மேலே வந்தது. அவளே எழுதிய பதில், அவளே பாராட்டிக்கொண்ட பதில்.

கெங்கம்மாவுக்குச் செய்தி புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் புடவைத் தலைப்பை உதறி இடுப்பில் செருகினாள். ஜெமிமாவைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு மேல் படியில் ஏறி அமர்ந்தாள். உச்சிமாகாளியிடம் இருந்த கண்ணாடி இவளிடம் இல்லை. இருந்தால் நெற்றிக்கு ஏற்றியிருப்பாள்.

"சரி, எங்க பக்கம் வந்துட்ட. இப்ப நான்தான் ஜட்ஜு. ஏம்மே வக்கீலு, கம்பெனிக்காரன ஒரு வார்த்த கேக்காம எழுதுன தீர்ப்ப நான் எதுக்கு ஒத்துக்கணும், சொல்லு."